குதிரைகள் தூங்கப் போன கதை

உங்களை ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னாலோ, மாடிப்படிக்குக் கீழேயோ, யாரோ அன்போடு கொடுத்த சுவர்ப்படம் ஒன்று செய்தித்தாளில் சுற்றியபடி நின்றுகொண்டிருக்கிறதா? இருக்கும். என் வீட்டிலும் இருந்தது. அது இருக்கட்டும், நான் கொடுத்த படம் இன்னொருவர் வீட்டில் அப்படி நின்ற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022-ஆம் ஆண்டு என் தம்பி கிள்ளானில் ஒரு தாமானில் வீடு வாங்கினான். புதுமனை புகுவிழாவுக்கு எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம், எல்லாரும் அதையே கொடுப்பார்கள் என்று எண்ணி, 280 வெள்ளி கொடுத்து ஒரு பெரிய படம் வாங்கிப் போனேன். சிவந்த அந்தி வானத்தின் கீழே ஏழு வெள்ளைக் குதிரைகள் பாய்ந்து வரும். பூவேலை செய்த அகலமான பொன்னிறச் சட்டம். அந்த வருடம் தீபாவளிக்குப் போனபோது அது கூடத்தில் சோபாவுக்கு மேலே தொங்கியது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அடுத்த ஆண்டு ஒரு நாள் அந்தப் பக்கம் மருத்துவமனைக்குப் போனவள், முன்கூட்டிச் சொல்லாமல் தம்பி வீட்டுக்குள் நுழைந்தேன். சோபாவுக்கு மேலே குதிரைகளைக் காணோம். அதே ஆணியில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மனைவியின் முகம் வெளிறிப்போனது. நான் கவனிக்காதவள்போல் உட்கார்ந்தேன். ஆனால் ஐந்து வயது மருமகனுக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியுமா? “அத்தை, குதிரையெல்லாம் ஸ்டோர் ரூமிலே தூங்குது. நீங்க வர்றப்பதான் எழுந்து வரும்” என்றான்.

ஒரு வாரம் நான் தம்பி வீட்டுக்குப் போன் பண்ணவில்லை. கோபந்தான். எட்டாவது நாள் பழைய பாயை எடுக்க என் வீட்டு ஸ்டோருக்குள் போனேன். அங்கே என் நாத்தனார் கொடுத்த அன்னப்பறவைப் படம் சுவரைப் பார்த்து நின்றது. அவர் வரும்போதெல்லாம் அதை நானுந்தான் எடுத்து மாட்டுகிறேன்! கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னால் வெட்கமும் வந்தது.

வாசகச் சகோதரிகளே, புடவை பிடிக்கவில்லையென்றால் பெட்டியில் வைத்துவிடலாம். பாத்திரம் பிடிக்கவில்லையென்றால் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். சுவர்ப்படம் அப்படியல்ல. கொடுத்தவர் வந்து நிமிர்ந்து பார்த்தால் அது அங்கே இருக்க வேண்டும். ஒருவருடைய கூடத்தில் நாள் முழுதும் அவர்கள் கண்ணில் படப்போகும் இடத்தை நாம் பிடித்துக்கொள்கிறோம். சாமி படம் என்றால் சங்கடம் இன்னும் பெரிது. பிடிக்கவில்லை என்று சொல்லவும் முடியாது, கழற்றவும் கை வராது. சாமி படம் அந்த வீட்டுப் பூசையறைக்கு உரியது, அதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். நான் இங்கே பேசுவது கூடத்துச் சுவருக்கான படத்தைப் பற்றித்தான்.

என் படம் ஏன் அந்த வீட்டில் ஒட்டவில்லை? அடுத்த முறை போனபோது அதை ஒரு பாடம்போல் ஆராய்ந்தேன். கைப்பையில் தையல்காரர் டேப் இருந்தது. “தங்கச்சி, மனசிலே ஒண்ணும் வச்சுக்காதே. அந்தக் குதிரையை நான் கொண்டு போறேன். ஆனா இந்தச் சுவருக்கு நான்தான் படம் தருவேன். நாம ரெண்டு பேருமா தேடுவோம்” என்றேன். “ஐயோ அக்கா, பிள்ளை ஏதோ உளறிட்டான்” என்று அவள் பதறினாள். பிறகு மெல்லச் சிரித்தாள். அன்று இருவருமாகக் கண்டுபிடித்தவை மூன்று தவறுகள்.

முதல் தவறு அளவு. கடையில் அந்தப் படம் பெரிதாகத் தெரிந்தது உண்மை. சுற்றிலும் சின்னச் சின்னப் படங்கள் நெருக்கி மாட்டியிருந்ததால் வந்த மயக்கம் அது. உண்மையில் அதன் அகலம் 90 சென்டிமீட்டர். தம்பி வீட்டு சோபாவோ 210 சென்டிமீட்டர். சோபாவில் பாதிகூட இல்லாத படம், பெரிய கடித உறையில் ஓரமாக ஒட்டிய தபால் தலைபோல் அநாதையாகத் தெரிந்தது. சோபா, கட்டில், நீளமான மேசை எதுவானாலும், அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் படம் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே குடும்பமாகத் தெரியும். பாதிக்குக் குறைந்தால் படம் தனித்து மிதக்கும். முக்கால் பங்கைத் தாண்டினால் தலைக்கு மேலே பாரம் ஏற்றியதுபோல் இருக்கும். 210-க்கு மூன்றில் இரண்டு 140. ஏறக்குறைய 125 முதல் 140 வரை வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

இரண்டாவது தவறு சட்டம். கூடத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். தொலைக்காட்சி வைத்திருக்கும் அலமாரி, சாப்பாட்டு மேசை, செருப்பு அலமாரி எல்லாமே வெளிர் நிற ரப்பர் மரப் பலகையில் செய்தவை. கோடுகளெல்லாம் நேர்க்கோடுகள், எங்கும் பூவேலை இல்லை. பொன்னிறம் என்று அந்த வீட்டில் எதுவுமே கிடையாது, என் சட்டம் ஒன்றைத் தவிர. கல்யாண வீட்டுக்கு உடுத்த வேண்டிய பட்டுப்புடவையோடு ஒருத்தி மார்க்கெட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. அன்று நான் கற்றது இது: படத்தைவிடச் சட்டந்தான் முதலில் சண்டை போடும். அந்த அறையில் ஏற்கனவே ஓர் இடத்திலாவது இருக்கும் மரத்தையோ உலோகத்தையோ சட்டமாகப் போட்டால், படம் எதுவானாலும் பாதி உறவு கலந்துவிடும்.

மூன்றாவது தவறு நிறம். அவள் வீட்டுச் சுவருக்குச் சாம்பல் கலந்த வெளிர் பச்சைச் சாயம் அடித்திருந்தார்கள். திரைச்சீலை கரும்பச்சை. அதன் நடுவே என் சிவந்த அந்தி வானம்! சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் நிறங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிவப்பு மேலும் சிவப்பாகவும் பச்சை மேலும் பச்சையாகவும் கண்ணுக்குப் படும். வெற்றிலைத் தட்டில் அழகாக இருப்பது, தினமும் உட்கார்ந்து ஓய்வெடுக்கும் கூடத்தில் கண்ணை உறுத்துகிறது. “சாயந்திரம் உக்காந்தா தலை வலிக்கிற மாதிரி இருக்கும், அக்கா” என்று அவள் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னாள்.

அப்படியானால் சுவரின் பச்சைக்கே பொருத்தமாகப் பச்சைப் படம் வாங்கலாமா? அதுவும் சரியில்லை. சுவரோடு படம் கரைந்துவிடும். சுவருக்கு நாளை வேறு சாயம் அடித்தால் பொருத்தமும் போய்விடும். அறையில் சிறிதாக, ஆனால் இரண்டு மூன்று இடங்களில் வரும் ஒரு நிறத்தைத் தேடுங்கள். அதுதான் அந்த வீட்டுக்காரி விரும்பிச் சேர்த்த நிறம். தம்பி மனைவியின் கூடத்தில் அது கடுகு மஞ்சள். சோபாத் தலையணை உறைகளில் இருந்தது, மேசை விரிப்பின் கரையில் இருந்தது, ஒரு பூச்சாடியிலும் இருந்தது. தலையணை உறை ஒன்றை உருவிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கைப்பேசியில் எடுத்த போட்டோவை நம்பக்கூடாது. விளக்கு வெளிச்சத்தில் நிறம் மாறிப் பதிவாகும். துணியைக் கடைக்குக் கொண்டுபோய், வாசல் வெளிச்சத்தில் படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி எதைப் படமாக வைப்பது? அவளையே கேட்டேன். ரொம்ப நேரம் தயங்கினாள். “சொன்னா சிரிக்கக் கூடாது, அக்கா. எனக்குக் கித்தா மரம்தான் பிடிக்கும். சின்னப் பிள்ளையிலே அம்மாகூட நிரைக்குப் போவேன், மங்கு கழுவிக் கொடுப்பேன். ஆனா தாமான் வீட்டிலே தோட்டத்துப் படத்தை மாட்டினா வர்றவங்க என்ன நினைப்பாங்க?” என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் வீட்டு அலமாரியைத் தொட்டுக் காட்டினேன். “இது என்ன மரம்னு நினைக்கிறே?” என்றேன். பால் வெட்டி ஓய்ந்த மரங்களை, ஏறக்குறைய 25, 30 வருடங்களுக்குப் பிறகு சாய்க்கிறார்கள். ஒரு காலத்தில் விறகாகப் போன அந்த மரத்தை, இன்று பக்குவப்படுத்தி, நாற்காலி மேசையாக்கி, மலேசியா உலகமெங்கும் அனுப்புகிறது. அவள் அம்மா வெட்டிய மரத்தின் சாதிதான் அவள் கூடம் முழுதும் நின்றுகொண்டிருந்தது. அவள் அலமாரியின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

அவள் பிறந்த தோட்டம் எப்போதோ செம்பனையாகிவிட்டது. ஆனால் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு சிறுதோட்டக்காரரிடம் இன்னும் சில ஏக்கர் ரப்பர் இருந்தது. 2024 பிப்ரவரியில் தம்பியின் மூத்த மகள் காலை வெயிலில் அங்கே போய்ப் படம் எடுத்து வந்தாள். அது இலை உதிரும் காலம். உதிருமுன் ரப்பர் இலைகள் மஞ்சளும் செம்புமாகப் பழுத்து நிற்குமல்லவா? அந்தக் கடுகு மஞ்சள் தானாகவே படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்று, நீளமாகப் போகும் நிரை. மற்றொன்று, வெட்டுக்கோட்டின் கீழே மங்கு கட்டிய ஒற்றை மரம்.

இங்கே ஒரு விக்கினம் வந்தது, உங்களுக்கும் வரலாம். அவள் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், நானும் அதையே கடைக்குக் கொண்டுபோனேன். சட்டம் போடும் கடைத் தவுக்கே கணினியில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அனுப்பும்போது படம் சுருங்கி, நீளவாக்கில் 1600 புள்ளிதான் மிஞ்சியிருந்தது. 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு அதைப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 70 புள்ளிகூடத் தேறாது, பனிமூட்டம்போல் இருக்கும் என்றார். சோபாப் பக்கம் நின்று பார்க்கிற படத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளியாவது வேண்டுமாம். பிறகு கைப்பேசியில் இருந்த மூலப் படத்தையே கொண்டுபோய்க் கொடுத்தோம். அதில் 4000 புள்ளி இருந்தது. படம் துலக்கமாக வந்தது. பழைய ஆல்பத்துச் சின்னப் போட்டோவைப் பெரிதாக்க நினைக்கிறவர்களும் முதலில் இந்தக் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கை நாங்கள் வெளியிலிருந்து உள்ளே போட்டோம். இரண்டு படங்கள், ஒவ்வொன்றும் சட்டத்தோடு 60 அகலம், 80 உயரம். நடுவே 8 சென்டிமீட்டர் இடைவெளி. மொத்தம் 128. நாங்கள் குறித்துவைத்த அளவுக்குள் வந்துவிட்டது. சட்டம் 2 சென்டிமீட்டர், வெளிர் ரப்பர் மரம், வேலைப்பாடு இல்லாதது. அதற்கு உள்ளே சுற்றிலும் 8 சென்டிமீட்டர் மவுண்ட் அட்டை. நடுவில் மிஞ்சுவது 40-க்கு 60, அதுதான் படம்.

இந்த மவுண்ட் அட்டையைப் பலர் வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். பிறர் வீட்டுக்குக் கொடுக்கும் படத்துக்கு அதுதான் முக்கியம் என்பேன். படத்தின் நிறத்துக்கும் சுவரின் நிறத்துக்கும் நடுவே அது ஓர் ஒதுக்குப்புறம்போல் நிற்கிறது. நாளை அவர்கள் சுவருக்கு வேறு சாயம் அடித்தாலும் படம் தப்பித்துக்கொள்ளும். ஆனால் பளிச்சென்ற வெள்ளை அட்டை கூடாது. சுவரைவிட அதுவே முன்னால் வந்து நிற்கும். கஞ்சிப் பருத்தித் துணிபோன்ற மங்கல் வெள்ளை எந்த வீட்டுக்கும் பொருந்தும். இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் படம் கண்ணாடியை நேராகத் தொட்டால், ஈரம் பட்டு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சைப் புள்ளிகள் விழும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. அட்டையின் கனம் கண்ணாடியைத் தள்ளி நிறுத்துகிறது. அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். மலிவான அட்டை சில வருடங்களில் பழுத்து, படத்தின் ஓரத்தையும் பழுப்பாக்கிவிடும். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு சிறிய ரப்பர் பொட்டு ஒட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் புகும், சுவர் ஈரம் ஏறாது.

மாட்டுவதற்கு முன்னால் இரண்டு சோதனைகள் செய்தோம், இரண்டுக்கும் காசு செலவில்லை. முதலாவது, படம் வரப்போகும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பிடித்து, எதிரே உட்கார்ந்து பார்த்தோம். கண்ணாடியில் வாசல் கதவின் வெளிச்சம் தெரிந்தது. படத்தின் கண்ணாடியிலும் அப்படித்தான் தெரியும். குதிரைகள் பகலெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். சோபாவை 30 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தினோம், படங்களுக்குக் குறித்த இடமும் அதோடு நகர்ந்தது, கூச்சமும் போய்விட்டது. நகர்த்த இடமில்லாத வீட்டுக்குப் பளபளப்பில்லாத கண்ணாடி போட வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் பயன் உண்டு. நேர் வெயில் விழும் சுவரென்றால் படமே வேண்டாம் என்று விட்டுவிடுங்கள், நிறம் வெளுத்துப்போகும்.

இரண்டாவது, செய்தித்தாளைப் படத்தின் அளவுக்கே வெட்டி, சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவைத்தோம். நம் வீடுகளில் பெரும்பாலும் படத்தை மிக உயரத்தில் மாட்டிவிடுகிறோம். சாமி படத்தை மேலே வைத்துப் பழகிய கை அது. சுவர்ப்படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும், நிற்பவர் கண்ணுக்கு நேராக வரும். எங்கள் படத்தின் உயரம் 80. ஆகவே கீழ் விளிம்பு 105, மேல் விளிம்பு 185. சோபாவின் முதுகு 85 சென்டிமீட்டர். அதற்கும் படத்துக்கும் நடுவே 20. உட்கார்ந்தவர் தலை இடிக்காது, படமும் சோபாவை விட்டுப் பிரியாது. ஆணி அடிக்கும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். பின்னால் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்து, அது மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். எங்களுக்கு 6 சென்டிமீட்டர் வந்தது. ஆகவே ஆணி 185-இல் அல்ல, 179-இல். ஒவ்வொரு படமும் கண்ணாடியோடு சுமார் நான்கு கிலோ. ஒட்டும் கொக்கியை நம்பாமல், சுவரில் துளை போட்டு முளை செருகி, ஒரு படத்துக்கு இரண்டு கொக்கி வைத்தோம். ஒற்றை ஆணியில் தொங்கும் படந்தான் கதவை அடிக்கும்போதெல்லாம் கோணலாகும்.

இத்தனையும் உடன்பிறந்தவன் வீடு என்பதால் செய்ய முடிந்தது. அவ்வளவு உரிமை இல்லாத இடத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சம்பந்தி வீட்டில் போய் டேப் பிடிக்க முடியுமா? அங்கே நான் சுவரைத் தொடுவதே இல்லை. மேசை மீதோ அலமாரி மீதோ சாய்த்து நிறுத்தக்கூடிய சிறிய படமாக, 20-க்கு 25 அளவில், அந்த வீட்டில் உள்ள மரத்தின் நிறத்தில் சட்டம் போட்டுக் கொடுக்கிறேன். ஆணி அடிக்கத் தேவையில்லை. பிடித்தால் கூடத்தில் நிற்கும், இல்லையென்றால் அறைக்குள் போகும், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. மரத்தின் நிறமும் தெரியவில்லையென்றால், சட்டம் போடாத படத்தை அட்டைக் குழலில் சுருட்டி, சட்டம் போடும் கடைக்கு முன்பணம் கட்டிய ரசீதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். சட்டத்தை அவர்களே பார்த்துப் போட்டுக்கொள்வார்கள். எதைக் கொடுத்தாலும், அடுத்த முறை போகும்போது கண்ணைச் சுவர்மேல் ஓட்டக்கூடாது. இதைத்தான் நான் மிகவும் சிரமப்பட்டுப் பழகினேன்.

என் நாத்தனாரிடமும் அன்னப்பறவையைப் பற்றி ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். “அடப்பாவி, அதை எனக்கு யாரோ கொடுத்தாங்க, நான் உனக்குக் கொடுத்தேன்” என்றாரே பார்க்கலாம்!

குதிரைகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. மாடிப்படி திரும்பும் இடத்தில் கருமரக் கைப்பிடிக்கு மேலே, அந்தப் பொன்னிறச் சட்டம் அவ்வளவு மோசமாக இல்லை. அது எனக்குப் பிடித்த படம். என் வீட்டுக்கு வாங்க வேண்டியதைத் தம்பி வீட்டுக்கு வாங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

போன மாதம் மறுபடியும் சொல்லாமல் கொள்ளாமல் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி பதறவில்லை, நேரே குசினிக்குள் தேத்தண்ணீர் போடப் போனாள். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் சோபாவுக்கு எதிரே உட்கார்ந்து, “இது எந்தத் தோட்டம்?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். “எங்கம்மா வெட்டின மரம் மாதிரியே இருக்கும்” என்று குசினியிலிருந்து குரல் வந்தது. நான் சுவரைப் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். மருமகன் என் காதருகே வந்து, “அத்தை, இந்த மரம் தூங்கவே போறதில்லை” என்றான்.